ஒரு சாண் திண்டு: எங்கள் வீட்டு ஸ்கைலைட் ஏன் ஒழுகியது

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரி முனைக்குத் தெற்கே கடந்துபோன நாள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்கவே வேண்டாம். காலையிலேயே கரண்ட் போனது. மரங்களும் கம்பங்களும் விழுந்து கிடந்ததால் பல நாட்களுக்குத் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டு நடு அறைக்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள்தான், ஜன்னலே கிடையாது. அந்த நாட்களில் பகலில் அங்கே வெளிச்சம் தந்தது கூரையில் இருந்த மூன்றடிக்கு மூன்றடி கண்ணாடி ஒன்றுதான். புயலன்று அறைக்குள் தண்ணீரைக் கொண்டுவந்ததும் அதே கண்ணாடிதான். அம்மா கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். கட்டிலை மூன்று முறை நகர்த்தினோம்.

"இத அடச்சுப் போடு மக்ளே, வெளிச்சமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார் அம்மா.

அடைத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆறு வருடமாக ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கார்த்திகையிலும் யாராவது வந்து ஒரு டியூப் சிலிக்கான் தடவிவிட்டுப் போவார்கள். ஆனால் அடைத்தால் அம்மா பகலிலும் பல்பு போட்டுத்தான் அந்த அறையில் நடக்க வேண்டும். அதனால் அடைப்பதற்கு முன்னால், ஏன் ஒழுகுகிறது என்று ஒரு தடவையாவது ஒழுங்காகக் கண்டுபிடித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கட்டடம் என் தொழில் இல்லை. ஆனால் பிழை தேடுவது என் தொழில். கண்டுபிடித்ததைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

கண்ணாடி ஓடு ஏன் ஒழுகவில்லை

இதே மனையில் முன்பு தாத்தா கட்டிய ஓட்டுவீடு இருந்தது. அதன் அடுக்களையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் உண்டு. என் நினைவில் அவை ஒருநாளும் ஒழுகியதில்லை. சிலிக்கானும் இல்லை, தகரமும் இல்லை. அது எப்படி?

நாம் மங்களூர் ஓடு என்று சொல்வது 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. அந்த ஓட்டின் ஓரங்களில் வரப்பும் பள்ளமும் இருக்கும். மேல் ஓட்டின் கீழ்விளிம்பு கீழ் ஓட்டின் தலைமேல் ஏறி உட்காரும். கண்ணாடி ஓடு அதே அச்சில் வார்த்தது. களிமண் ஓடு ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் இதை வைத்தால், தண்ணீருக்கு வித்தியாசமே தெரியாது. கூரைச் சரிவில் வரும் தண்ணீர் ஓர் ஓட்டிலிருந்து அடுத்த ஓட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். நிற்க நேரமில்லாத தண்ணீர் இடுக்கில் நுழையாது.

நடுமுற்றம் வைத்த வீடுகளின் வழி வேறு. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் பார்க்கலாம். கூரையைத் திறந்தே விட்டு, வரும் மழையைக் கீழே முற்றத்தில் வாங்கி ஓடை வழியாக வெளியே அனுப்புகிறார்கள். அங்கே தண்ணீர் வருவதே ஏற்பாட்டின் ஒரு பகுதி.

நாம் செய்தது என்னவென்றால், ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டோம். முற்றத்தையும் மூடினோம். பிறகு அந்தத் தட்டையான தளத்தில் ஓட்டை போட்டு அதன்மேல் கண்ணாடியை வைத்தோம். ஓட்டுக்கூரையில் சரிவு செய்துகொண்டிருந்த வேலையைத் தட்டைக் கூரையில் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அந்த வேறு ஏதாவதுதான் ஓட்டையைச் சுற்றி எழுப்பும் சிறு சுவர். என்ஜினியர்கள் கர்ப் என்பார்கள். எங்கள் கொத்தனார் திண்டு என்றார். நானும் அப்படியே சொல்கிறேன்.

150 எப்படி 25 ஆனது

எங்கள் வீட்டுப் பிளானை எடுத்துப் பார்த்தேன். திண்டின் உயரம் 150 மி.மீ., அதாவது ஆறு அங்குலம் என்று தெளிவாக எழுதியிருந்தது. சரிவு குறைந்த கூரைகளில் ஸ்கைலைட்டுக்குக் குறைந்தது நான்கு அங்குலத் திண்டு வேண்டும் என்று அமெரிக்க வீட்டு விதிமுறை சொல்கிறது. காகிதத்தில் நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம்.

பிறகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தட்டோட்டிலிருந்து திண்டின் உச்சிவரை அளந்தால் 25 மி.மீ. இரண்டாவது முறையும் அளந்தேன். அதே 25.

மீதி எங்கே போனது? பிளானில் 150 என்றது கான்கிரீட் தளத்திலிருந்து. ஆனால் நம்மூரில் கான்கிரீட் போட்டதோடு மாடி முடிவதில்லை. அதன்மேல் தண்ணீர் வடிவதற்காகச் சரிவு கொடுத்துச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிப்பார்கள். எங்கள் மாடியில் அது வடிகுழாய்ப் பக்கம் 60 மி.மீ., நான்கு மீட்டர் தள்ளி எதிர்ப்பக்கம் 110 மி.மீ. கண்ணாடி இருக்கும் நடுப்பகுதியில் 85. அதன்மேல் சாந்து 20, தட்டோடு 20. மொத்தம் 125. திண்டு தளத்தோடு நின்றுகொண்டிருந்தது. தரைதான் அதை நோக்கி ஏறிவந்துவிட்டது.

திண்டு கட்டியவர் சரியாகத்தான் கட்டினார். தட்டோடு பதித்தவரும் சரியாகத்தான் பதித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் எங்கிருந்து அளப்பது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. என் தொழிலில் தினமும் பார்க்கிற பிழைதான் இது.

25 மி.மீ. என்றால் எவ்வளவு ஆபத்து? கைப்பிடிச் சுவர் வைத்த மாடி, வடிகுழாய் அடைத்துக்கொண்டால், ஒரு தொட்டி. வடிகுழாய் வாயில் தட்டோட்டின் மட்டம் தளத்திலிருந்து 100 மி.மீ. (60 ஜல்லி, 40 சாந்தும் ஓடும்). திண்டின் உச்சி 150. ஆக, குழாய் வாயில் 50 மி.மீ. தண்ணீர் நின்றால் அது திண்டைத் தொட்டுவிடும். மாடி சரிவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் ஆப்பு வடிவில் நிற்கும். ஒரு பக்கம் 50, மறுபக்கம் பூஜ்யம், சராசரி 25. அதாவது குழாய் அடைத்திருக்கும்போது 25 மி.மீ. மழை பெய்தால் போதும், திண்டு மூழ்கும். ஐப்பசியில் இடிமழை பிடித்தால் அரைமணி நேரத்தில் அது பெய்துவிடும். பக்கத்து மனையில் மாமரம் நிற்கிறது. குழாய் அடைப்பது எங்களுக்கு அதிசயமும் இல்லை.

ஆறு வருடம் கண்ணாடியின் மேல் ஓரத்தில் சிலிக்கான் தடவியது, தலைக்குமேல் வெள்ளம் வரும்போது சட்டைப் பட்டன் போட்ட கதைதான்.

எந்த ஒழுக்கு என்று எப்படித் தெரியும்

எல்லா ஒழுக்கும் ஒரே மாதிரி இல்லை. மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் தண்ணீர் வருகிறது என்று குறித்துவைத்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

காற்றோடு மழை தொடங்கிய ஐந்து பத்து நிமிடத்திலேயே வந்தால், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவிலோ, சட்டத்துக்கும் திண்டுக்கும் நடுவிலோ இடைவெளி இருக்கிறது. காற்று அடிக்கும் பக்கத்தில்தான் ஈரம் தெரியும். காற்று இல்லாமல் கொட்டும் மழையில் அரைமணி, ஒரு மணி கழித்து வந்தால் தண்ணீர் தேங்கித் திண்டைத் தாண்டுகிறது. மழை விட்டு வெயில் வந்த பிறகும் மணிக்கணக்கில் சொட்டினால் ஜல்லித் தளம் நனைந்து ஊறி, திண்டின் அடிமூட்டில் வழிந்துகொண்டிருக்கிறது. மழையே இல்லாத காலையில் கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாக நின்றால் அது ஒழுக்கே இல்லை. அடுக்களை ஆவிதான் காரணம்.

இதை வெயில் நாளில் சோதித்தும் பார்க்கலாம். ஒரே விதி, கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் திண்டைச் சுற்றித் தரையில் மட்டும் தண்ணீர் கட்டி இருபது நிமிடம் காத்திருங்கள். பிறகு திண்டின் பக்கவாட்டில் ஹோஸ் பிடியுங்கள். பிறகு சட்டத்தின் ஓரம். கடைசியில்தான் கண்ணாடி. எந்தக் கட்டத்தில் கீழே ஈரம் தெரிகிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை. மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒரேயடியாக நனையும், எதுவும் தெரியாது.

எங்கள் வீட்டில் முதல் கட்டத்திலேயே அடிமூட்டில் கசிவு தெரிந்தது. திண்டு கான்கிரீட்டோடு சேர்த்து வார்த்தது இல்லை. பிறகு செங்கலில் கட்டியது. தளமும் செங்கலும் சேரும் கோடு முழுவதும் ஒரு மயிரிழை விரிசல். சட்டத்தின் ஓரத்திலும் கசிவு இருந்தது. ஆக மூன்று வியாதி, ஒரு நோயாளி.

திருத்தியது

அடுத்த பங்குனியில் வேலையைத் தொடங்கினோம். வந்த கொத்தனார் எழுபதைத் தொட்டவர், ஓட்டுவீட்டு வேலையில் ஆரம்பித்தவர். நான் கணக்கையெல்லாம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையை விரித்துத் தட்டோட்டின்மேல் நிறுத்திக் காட்டினார். "ஓடு பதிச்ச பொறவு ஒரு சாண் நிக்கணும் தம்பி. அதுக்குக் கொறஞ்சா தெறிக்கிற தண்ணியே உள்ள போவும்."

ஒரு சாண் ஏறக்குறைய ஒன்பது அங்குலம், 225 மி.மீ. நான் நோட்டில் போட்டுவைத்திருந்த எண்ணும் அதேதான். தளத்திலிருந்து 350, தட்டோட்டிலிருந்து 225. இப்போது குழாய் முழுவதும் அடைத்தாலும் திண்டைத் தொடத் தண்ணீர் குழாய் வாயில் 250 மி.மீ. நிற்க வேண்டும். அதற்கு 225 மி.மீ. மழை வேண்டும். அதற்கும் ஒரு காப்பாகக் கைப்பிடிச் சுவரில், வடிகுழாய்க்கு நான்கு விரல் மேலே, இன்னொரு துவாரம் போட்டோம். அதில் தண்ணீர் வெளியே கொட்டுவதைப் பார்த்தால் குழாய் அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பழைய செங்கல் திண்டை உடைத்துவிட்டு, தளத்தில் துளைபோட்டுக் கம்பி இறக்கி, கான்கிரீட்டிலேயே வார்த்தோம். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. தளம் போடும் அன்றே திண்டையும் சேர்த்து வார்த்துவிடலாம். அப்போது ஓட்டையின் நான்கு மூலையிலும் குறுக்காகக் கூடுதல் கம்பி வைக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் மூலையில்தான் முதலில் விரியும். ஏற்கெனவே உள்ள தளத்தில் புதிதாக ஓட்டை போட நினைத்தால் முதலில் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைப் பார்த்துவிடுங்கள். அது சுவரில் ஜன்னல் வெட்டுவது மாதிரியான வேலை இல்லை.

அடுத்தது ஃபிளாஷிங். பெயர்தான் பெரிது. விஷயம் ஓட்டின் விஷயமேதான்: மேலே உள்ளது கீழே உள்ளதின்மேல் வெளிப்பக்கமாக ஏறி இறங்க வேண்டும். திண்டும் தரையும் சேரும் மூலையில் முதலில் சாந்தால் ஒரு சாய்வு பூசினோம். தண்ணீர் தடுக்கும் பூச்சுத் துணி செங்குத்தாக மடங்கினால் அந்த மடிப்பில்தான் கிழியும். சாய்வு இருந்தால் வளைந்து ஏறும். அந்தத் துணி தரையில் ஒரு முழம் படர்ந்து, திண்டில் ஏறி, உச்சியையும் தாண்டி உள்பக்கம் மடங்குகிறது. அதன்மேல் கண்ணாடிச் சட்டம். இங்கேதான் பழைய தவறு இருந்தது. பழைய சட்டம் திண்டின் உச்சியில் பலகை மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த இடுக்கை அடைத்திருந்தது சிலிக்கான் மட்டும்தான். புதிய சட்டம் டப்பா மூடி மாதிரி. அதன் விளிம்பு திண்டுக்கு வெளியே 75 மி.மீ. கீழே இறங்கித் தொங்குகிறது. கீழ்நுனி வெளிப்பக்கமாகச் சற்று வளைந்திருப்பதால் தண்ணீர் திண்டில் ஒட்டி ஊராமல் சொட்டி விழும். ஸ்க்ரூ எல்லாம் பக்கவாட்டில். மேலே ஒரு துளைகூட இல்லை.

சோதனை ஒன்று சொல்கிறேன். சிலிக்கானே இல்லை என்று வைத்துக்கொண்டு, மழைத்துளி ஒன்றை மனத்தில் உச்சியில் விட்டுப் பாருங்கள். அது உள்ளே போகாமல் தரையை அடைந்தால் ஃபிளாஷிங் சரி. சிலிக்கான் இருந்தால்தான் தப்பிக்கும் என்றால், சிலிக்கான் வெயிலில் விரியும் வரைதான் அதன் ஆயுள்.

சட்டத்தின் கீழ்ப்பக்கம் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். உள்ளே நுழைந்த தண்ணீர் வெளியேறுவதற்கானவை. எங்கள் பழைய சட்டத்தில் யாரோ அக்கறையாக அவற்றையும் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே போகவேண்டிய தண்ணீர் உள்ளே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தகரத்தைப் பற்றி ஒன்று. கடற்கரைக்குப் பக்கத்து ஊர்களில் சாதாரண ஜிஐ தகடு உப்புக் காற்றில் சீக்கிரம் துரு பிடிக்கும். அலுமினியம் தாங்கும், ஆனால் ஈரச் சிமெண்டின் காரம் அதை அரிக்கும். நடுவில் ரப்பர் பட்டையோ பூச்சோ இல்லாமல் அலுமினியத்தைச் சாந்தில் புதைக்காதீர்கள்.

எந்தக் கண்ணாடி

பழையது ஆறு மி.மீ. சாதாரணக் கண்ணாடி. தலைக்குமேல் அதை வைத்திருந்தோம் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. உடைந்தால் கத்தி கத்தியாக விழும். டஃபண்ட் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரி சிதறும், ஆனால் மொத்தமும் கீழே கொட்டும். லேமினேட்டட் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கும். தென்னை நிற்கும் ஊரில் தலைக்குமேல் வைக்க அதுதான் சரி. நாங்கள் போட்டது ஆறும் ஆறும் சேர்த்த லேமினேட்டட். எடை இருபத்துநான்கு கிலோவுக்கு மேல், இரண்டு பேர் தூக்க வேண்டும். படலத்தின் ஓரத்தைப் புளித்த வாடை அடிக்கும் அமில சிலிக்கான் கெடுக்கும் என்பதால் நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்கினோம்.

பாலிகார்பனேட் மலிவு, லேசு, உடையாது. ஆனால் வெயிலில் நன்றாக நீளும். 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 90 செ.மீ. கண்ணாடி அரை மி.மீ.கூட நீளாது. பாலிகார்பனேட் இரண்டு மி.மீ.க்கு மேல் நீளும். ஸ்க்ரூ துளையைப் பெரிதாகப் போடாவிட்டால் அதுவே இழுத்து விரிசல் விடும். வெயில் தாங்கும் பூச்சு ஒரு பக்கம் மட்டும் உள்ள ஷீட்டைத் தலைகீழாக வைத்தால் சில வருடத்தில் மஞ்சளாகிவிடும்.

கடைசியாகச் சூடு. நாகர்கோவில் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரிதான். மார்கழியில்கூட நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து 58 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஏப்ரலில் ஒருமுறையும் ஆகஸ்ட் கடைசி வாக்கில் ஒருமுறையும் நேர் உச்சிக்கு வரும். குளிர்நாட்டு வீட்டுப் படங்களைப் பார்த்துப் பெரிய கண்ணாடி வைத்தால் இங்கே அது அடுப்பு. எங்கள் பழைய கண்ணாடி வழியாக உச்சி வெயிலில் ஏறக்குறைய 580 வாட் வெப்பம் இறங்கியது. அறையில் ஓர் இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவைத்த மாதிரி. வெயிலைத் தடுக்கும் சாயக் கண்ணாடியை மேல்பக்கம் வைத்த லேமினேட்டட் போட்ட பிறகு அது பாதியானது. கண்ணாடியை ஒரு பக்கம் 150 மி.மீ. உயர்த்திச் சாய்த்து வைத்ததால் மழையே தூசியைக் கழுவிவிடுகிறது.

மறுபடி கட்டினால் மூன்றடி வைக்க மாட்டேன். இரண்டடிக்கு இரண்டடி போதும். நல்ல மப்பு நாளிலும் வானத்தின் வெளிச்சம் பத்தாயிரம் லக்ஸ் இருக்கும். பால்நிறக் கண்ணாடியில் பாதியும், கீழே இறங்கும் வழியில் அதில் பாதியும் போனாலும் 900 லூமன் மிஞ்சும். ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்று எரிகிற கணக்கு. வெயில் நாளில் அதே ஓட்டை பத்து பல்பு.

வேலை முடிந்து வந்த முதல் ஐப்பசியில் ஓர் இரவு நல்ல மழை. விடிந்ததும் மாடிக்குப் போனேன். வடிகுழாய் வாயில் மாவிலை அடைத்து, கைப்பிடிச் சுவரின் புதுத் துவாரம் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. திண்டில் தண்ணீர்க் கோடு கால்வாசிகூட ஏறவில்லை. இலையை எடுத்துப்போட்டுவிட்டுக் கீழே வந்தேன். அம்மா நடு அறையில், கண்ணாடிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பல்பு போடவில்லை.

ஸ்கைலைட் வைக்கப்போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும், கொத்தனாரிடம் இந்த ஒன்றை மட்டும் எழுதிக்கொடுங்கள்: "திண்டு உயரம் ஒரு சாண். அளப்பது தட்டோட்டின் மேலிருந்து."